பாதை வேறுபாடு ஒன்றே: இரட்டைப் பிளவில் வெளிச்சம், ஒற்றைப் பிளவில் இருட்டு ஏன்?

பன்னிரண்டாம் வகுப்பு அலை ஒளியியலில் சில பக்க இடைவெளியில் இரண்டு சமன்பாடுகள் வருகின்றன. இரட்டைப் பிளவுக்கு d sin θ = nλ. இது பொலிவுப் பட்டைக்கான நிபந்தனை. ஒற்றைப் பிளவுக்கு a sin θ = nλ. இது கரும்பட்டைக்கான நிபந்தனை. இங்கே d இரண்டு பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம், a ஒரு பிளவின் அகலம், θ நேர்த்திசையிலிருந்து ஒளி விலகும் கோணம், λ அலைநீளம், n ஒரு முழு எண். d-க்குப் பதிலாக a வந்ததும் வெளிச்சம் இருட்டாக மாறிவிடுகிறது. பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளமாக இருந்தால் இரண்டு அலைகளும் கைகோத்துச் சேரும் என்று முந்தைய பாடத்தில் படித்தவருக்கு, அதே முழு அலைநீளம் இங்கே எப்படி இருட்டைத் தருகிறது என்ற கேள்வி எழுவது நியாயமே. பெரும்பாலானவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட்டு இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள், தேர்வில் ஒன்றை இன்னொன்றுக்கு எழுதியும் விடுகிறார்கள்.

இரண்டு சமன்பாடுகளும் ஒரே விதியிலிருந்துதான் வருகின்றன. எந்த இரண்டு கதிர்களுக்கு இடையே பாதை வேறுபாட்டை அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## பாதை வேறுபாடு: எதை எதிலிருந்து கழிக்கிறோம்?

ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஓர் அலைநீளம், λ. கடைகளில் கிடைக்கும் சிவப்பு லேசர் பேனாவின் ஒளிக்கு இது ஏறத்தாழ 650 நானோமீட்டர். ஒரே மூலத்திலிருந்து புறப்பட்ட ஒளி இரண்டு வழிகளில் வந்து திரையின் ஒரு புள்ளியில் சேர்கிறது என்று கொள்வோம். ஒரு வழி மற்றதைவிட எவ்வளவு நீளமோ அதுவே பாதை வேறுபாடு.

கூடுதல் நீளம் 0, λ, 2λ என்று இருந்தால் முகடு முகட்டோடு வந்து சேரும், ஒளி கூடும். அது λ/2, 3λ/2 என்று இருந்தால் முகடு பள்ளத்தோடு சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். இடைப்பட்ட மதிப்புகளுக்கு இடைப்பட்ட வெளிச்சம். இந்த விதி இரண்டு அலைகளுக்கு உரியது. மூன்றாவது அலை ஒன்று வந்துவிட்டால்கூட இதை அப்படியே போட முடியாது. மேலே சொன்ன குழப்பம் முழுவதும் இதை மறப்பதால் வருவதுதான்.

## இரட்டைப் பிளவு: ஒரு புள்ளியில் கணக்கு

எண்களை வைத்துப் பார்ப்போம். இரண்டு பிளவுகளின் மையங்களுக்கு இடையே தூரம் d = 0.25 மில்லிமீட்டர். திரை D = 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒளி 650 நானோமீட்டர் சிவப்பு லேசர்.

1. திரையின் நடுப்புள்ளிக்கு இரண்டு பிளவுகளும் சம தூரத்தில் உள்ளன. பாதை வேறுபாடு சுழி, ஆகவே அங்கே வெளிச்சம்.

2. நடுவிலிருந்து x தூரம் விலகினால் பாதை வேறுபாடு ஏறத்தாழ xd/D. D-யோடு ஒப்பிட d-யும் x-உம் மிகச் சிறியவை என்பதால்தான் இந்த எளிய வடிவம் செல்லும்.

3. அடுத்தடுத்த இரண்டு பொலிவுப் பட்டைகளுக்கு இடையே பாதை வேறுபாடு ஒரு λ கூட வேண்டும். அதற்கு x எவ்வளவு நகர வேண்டுமோ அதுவே பட்டை அகலம்: β = λD/d. இங்கே அது 5.2 மில்லிமீட்டர், சாதாரண அளவுகோலால் அளந்துவிடலாம்.

4. இனி நடுவிலிருந்து 13 மில்லிமீட்டர் தள்ளி உள்ள புள்ளியை எடுப்போம். பாதை வேறுபாடு 13 மிமீ × 0.25 மிமீ ÷ 2000 மிமீ, அதாவது 0.001625 மில்லிமீட்டர், 1625 நானோமீட்டர். இதை 650-ஆல் வகுத்தால் 2.5. இரண்டரை அலைநீளம் என்பதால் அந்தப் புள்ளி இருட்டு. நடுவிலிருந்து எண்ணினால் அது மூன்றாவது கரும்பட்டை.

இரண்டு மீட்டர் பயணத்தில் ஒரு கதிர் மற்றதைவிட அதிகமாகப் போன தூரம், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. அந்த நுணுக்கமான வேறுபாட்டைத்தான் திரை நமக்கு மில்லிமீட்டர் கணக்கில் விரித்துக் காட்டுகிறது.

பட்டை என்றவுடன் கோடு போட்டதுபோல் விளிம்பு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பிளவு மட்டும் திறந்திருக்கும்போது ஒளிச்செறிவு I என்றால், இரண்டும் திறந்ததும் பொலிவுப் பட்டையின் நடுவில் அது 4I ஆகிறது, கரும்பட்டையின் நடுவில் சுழி ஆகிறது. சராசரி 2I. இரண்டு பிளவுகள் வழியே வந்த மொத்த ஒளி அவ்வளவுதான், அழிந்தது எதுவும் இல்லை. இருட்டில் குறைந்தது வெளிச்சத்தில் கூடியிருக்கிறது. இடையில் பாதை வேறுபாடு λ/3 ஆக இருக்கும் இடத்தில் ஒளிச்செறிவு சரியாக I. அந்த இடத்தில் இரண்டாவது பிளவைத் திறந்தாலும் மூடினாலும் வெளிச்சம் மாறாது.

## ஒற்றைப் பிளவு: விளிம்புக்கும் விளிம்புக்கும் இடையே

இப்போது ஒரு பிளவை மூடிவிடுவோம். மீந்த பிளவின் அகலம் a = 0.05 மில்லிமீட்டர். ஒரே பிளவு என்பதால் ஒரே அலைதான் என்று தோன்றும். ஆனால் ஹைகென்ஸ் கொள்கைப்படி பிளவின் அகலம் முழுவதிலும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே சிற்றலையை அனுப்புகிறது. ஆக, திரையின் ஒரு புள்ளியில் எண்ணற்ற அலைகள் சேர்கின்றன. a sin θ என்பது அவற்றுள் மேல் விளிம்பிலிருந்து வருவதற்கும் கீழ் விளிம்பிலிருந்து வருவதற்கும் இடையே உள்ள பாதை வேறுபாடு மட்டுமே.

அந்த வேறுபாடு சரியாக λ ஆகும் திசையைப் பார்ப்போம்.

1. பிளவை மனக்கண்ணில் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரியுங்கள்.

2. மேல் விளிம்புப் புள்ளியையும் பிளவின் நடுப்புள்ளியையும் ஜோடி சேருங்கள். விளிம்புக்கு விளிம்பு λ என்றால் விளிம்புக்கு நடு λ/2. இந்த இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

3. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள புள்ளிக்கு, நடுவுக்கு அதே அளவு கீழே உள்ள புள்ளி ஜோடி. இவற்றுக்கும் இடையே λ/2. இவையும் அழியும்.

4. இப்படியே மேல்பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்பாதியில் ஓர் எதிரி கிடைக்கிறது. ஜோடி இல்லாமல் எதுவும் மிச்சமில்லை. ஆகவே இருட்டு.

மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் λ வேறுபாட்டில் ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் அவை எண்ணற்ற அலைகளில் இரண்டு மட்டுமே. இடையில் உள்ள கூட்டம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. இரட்டைப் பிளவில் d-யின் இரு முனைகளுக்கு இடையே வெறும் அட்டை. ஒற்றைப் பிளவில் a-யின் இரு முனைகளுக்கு இடையே முழுக்க ஒளி. இரண்டு சமன்பாடுகளுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

2λ என்றால் பிளவை நான்காகப் பிரித்து அடுத்தடுத்த கால்பங்குகளை ஜோடி சேர்க்கலாம், மறுபடியும் இருட்டு. 1.5λ என்றால் மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பங்குகள் ஒன்றையொன்று அழிக்க, மூன்றாவது பங்கு மட்டும் தப்பும். அதனால் அங்கே மங்கலான வெளிச்சம் இருக்கிறது. எவ்வளவு மங்கல் என்றால், நடுவில் உள்ள ஒளிச்செறிவில் ஏறத்தாழ 4.5 விழுக்காடுதான்.

n = 0 என்று போடக்கூடாது என்பதையும் இங்கேயே கவனிக்கலாம். சுழி வேறுபாட்டில் எல்லாச் சிற்றலைகளும் ஒத்துச் சேர்கின்றன, அதுதான் இருப்பதிலேயே பொலிவான இடம். n = 1, 2, 3 என்ற கரும்பட்டைகள் இருபுறமும் தொடங்குவதால் நடுப்பட்டை மட்டும் மற்றவற்றைப்போல் இரு மடங்கு அகலம் கொண்டது. நம் எண்களுக்கு λD/a = 26 மில்லிமீட்டர். ஆகவே நடுப்பட்டை 52 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவும்.

குறுக்கீட்டு விளைவு, விளிம்பு விளைவு என்று இரண்டு பெயர்கள் இருந்தாலும் நடப்பது ஒன்றே. விரல்விட்டு எண்ணக்கூடிய மூலங்கள் சேர்ந்தால் முதல் பெயரும், ஒரே அலைமுகப்பின் எண்ணற்ற புள்ளிகள் சேர்ந்தால் இரண்டாவது பெயரும் வழக்கில் நின்றுவிட்டன. இயற்கையில் அப்படி ஒரு எல்லைக்கோடு இல்லை.

## ஐந்தாவது பட்டை காணாமல் போவது

மூடிய பிளவை மறுபடி திறப்போம். இப்போது திரையில் இரண்டு வேலைகளும் ஒருசேர நடக்கின்றன. 5.2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இரட்டைப் பிளவுப் பட்டைகள் விழுகின்றன. எந்தப் பட்டை எவ்வளவு பொலிவோடு இருக்கலாம் என்பதை ஒவ்வொரு பிளவின் 52 மில்லிமீட்டர் விரிவு தீர்மானிக்கிறது. நடுப்பட்டையை 100 என்று வைத்தால் முதல் பட்டை 88, இரண்டாவது 57, மூன்றாவது 25, நான்காவது ஏறத்தாழ 5.

ஐந்தாவது பொலிவுப் பட்டை 5 × 5.2 = 26 மில்லிமீட்டரில் விழ வேண்டும். ஒற்றைப் பிளவின் முதல் கரும்பட்டையும் 26 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. அந்தப் புள்ளியில் இரண்டு பிளவுகளின் மையங்களுக்கு இடையே பாதை வேறுபாடு 5λ, ஒத்துச் சேர வேண்டிய நிலை. ஆனால் ஒவ்வொரு பிளவின் உள்ளேயும் விளிம்புக்கு விளிம்பு λ. அதாவது, அந்தத் திசையில் எந்தப் பிளவும் ஒளியே அனுப்பவில்லை. வராத ஒளி எப்படிச் சேரும்? ஐந்தாவது பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஆறாவது பட்டை 2 விழுக்காட்டு அளவில் மறுபடி தலைகாட்டும்.

ஆய்வகத்தில் இது பயன்படும். வாங்கிய பிளவுத் தகட்டில் d மட்டும் குறித்திருந்து a தெரியாவிட்டால், காணாமல் போன முதல் பட்டை எத்தனையாவது என்று எண்ணினால் போதும். d/a அந்த எண். நடு விரிவுக்குள் இருபுறமும் நான்கு, நடுவில் ஒன்று என்று ஒன்பது பட்டைகள் தெரிந்தால் விடுபட்டது ஐந்தாவது. d/a முழு எண்ணாக அமையாவிட்டால் பட்டை முழுதாக மறையாமல் ஓரத்தில் நறுக்கியதுபோல் அரைகுறையாகத் தெரியும். அப்போது எண்ணிக்கையை நம்பி a-யைச் சொல்லிவிடக் கூடாது.

## தலைமுடியை அளப்பது

பிளவு இல்லாவிட்டாலும் இதைச் செய்து பார்க்கலாம். லேசருக்கு முன்னால் ஒரு தலைமுடியை நிறுத்தினால், முடியின் தடிமனுக்குச் சமமான அகலமுள்ள பிளவு தரும் கரும்பட்டைகளே, நேர்க்கற்றை விழும் நடுப்புள்ளியைத் தவிர்த்து, அதே இடங்களில் கிடைக்கும். காரணம் எளிது: முடியையும் அதே அளவுப் பிளவையும் சேர்த்தால் தடையே இல்லாத திறந்த வெளி. திறந்த வெளியில் ஒளி பக்கவாட்டில் சிதறுவதில்லை. அப்படியானால் பிளவு பக்கவாட்டில் அனுப்பும் அலையும் முடி அனுப்பும் அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தாக வேண்டும். எதிர்மறை ஆனாலும் ஒளிச்செறிவு ஒன்றே.

தாமஸ் யங் 1803-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கிய சோதனையும் இந்த வகைதான். சன்னல் துளை வழியே வந்த சூரிய ஒளிக்கு நடுவே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை நிறுத்தினார். அதன் நிழலுக்குள் பட்டைகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் நிழலுக்குள் இருந்த பட்டைகள் மறைந்தன. பட்டைகளுக்கு இரண்டு பக்கத்து ஒளியும் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

செய்முறை:

1. 1 மில்லிவாட்டுக்குக் குறைவான சிவப்பு லேசர் பேனாவை ஒரு புத்தக அடுக்கின்மேல் அசையாமல் வையுங்கள். கற்றையைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் போன்றவை கற்றையின் வழியில் இருக்கக் கூடாது.

2. நீளமான முடி ஒன்றை ஓர் அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, கற்றையின் நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். முடியிலிருந்து சுவர் வரை 2 மீட்டர்.

3. அறையை இருட்டாக்கினால் சுவரில் கிடைமட்டமாகப் பட்டைகள் தெரியும். ஒரு தாளை ஒட்டி, கரும்பட்டைகளின் நடுவைப் பென்சிலால் குறியுங்கள்.

4. இடது நான்காவது கரும்பட்டையிலிருந்து வலது நான்காவது வரை அளந்து எட்டால் வகுங்கள்.

அந்த அளவு 140 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 17.5. a = λD/17.5 மிமீ, அதாவது 0.074 மில்லிமீட்டர். தலைமுடிக்கு நம்பத்தக்க அளவுதான்.

இதில் நேரும் தவறுகள் இரண்டு. முதலாவது, நடுப்பட்டையின் முழு அகலத்தை ஓர் இடைவெளியாக எடுப்பது. நடு இரு மடங்கு அகலம் என்பதால் முடி பாதித் தடிமனாக, 0.037 மில்லிமீட்டராக வரும். விடை இப்படிப் பாதியாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இங்கேதான் பிழை. இரண்டாவது, அலைநீளம். பல பேனாக்களின் சீட்டில் 630–680 என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். 650 என்று நாம் எடுப்பது நான்கைந்து விழுக்காடு முன்பின் இருக்கலாம். அளவுகோலை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இந்தப் பிழை போகாது.

## பட்டைகள் ஏன் தெரியாமல் போகின்றன?

இரண்டு தனித்தனி விளக்குகளை இரண்டு பிளவுகளுக்குப் பின்னால் வைத்தால் பட்டை கிடைக்காது. ஒவ்வொரு விளக்கிலும் அணுக்கள் கோடிக்கணக்கில் தம் போக்கில் ஒளியை உமிழ்கின்றன. இரு அலைகளின் கட்ட வேறுபாடு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை தாறுமாறாக மாறுகிறது. ஒவ்வொரு கணத்திலும் பட்டைகள் உண்டு, ஆனால் அடுத்த கணத்தில் இடம் மாறிவிடும். கண்ணுக்குச் சராசரி மட்டுமே தெரியும். ஒரே மூலத்தின் ஒளியை இரண்டாகப் பிரிப்பது இதற்காகவே: அணு எப்படிக் கட்டம் மாறினாலும் இரண்டு வழியிலும் ஒரே மாற்றம், வேறுபாடு நிலைத்து நிற்கும்.

ஒரே சோடியம் விளக்கு இருந்தும் பட்டை தெரியாவிட்டால், மூலப் பிளவு அகலமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூலப் பிளவின் ஒவ்வொரு புள்ளியும் திரையில் தனக்கென ஒரு பட்டைத் தொகுதியைப் போடுகிறது, ஒவ்வொன்றும் சற்றே நகர்ந்து. மூலப் பிளவு 10 சென்டிமீட்டர் பின்னால் இருந்து, d 0.25 மில்லிமீட்டராக இருந்தால், மூலப் பிளவின் அகலம் 0.24 மில்லிமீட்டரை எட்டும்போது இந்த நகர்வு ஒரு முழுப் பட்டை அளவாகி, எல்லாம் கலந்து சீரான மஞ்சளாகிவிடும். அதில் கால்பங்குக்குக் குறுக்கினால் பட்டைகள் தெளியும், வெளிச்சம் குறையும். லேசருக்கு மூலப் பிளவே வேண்டியதில்லை. அதன் கற்றையின் குறுக்கே எங்கும் கட்டம் ஒழுங்காக இருக்கிறது.

வெள்ளை ஒளியில் நடுப்பட்டை மட்டும் வெண்மையாக நிற்கும், ஏனென்றால் சுழி எல்லா அலைநீளத்துக்கும் சுழிதான். நம் அமைப்பில் ஊதாவின் மூன்றாவது பட்டை 9.6 மில்லிமீட்டரிலும் சிவப்பின் இரண்டாவது 10.4-இலும் விழுவதால், இரண்டு மூன்று பட்டைகளைத் தாண்டியதும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலந்துவிடும்.

## பாதை வேறுபாடு சுழி, ஆனாலும் இருட்டு

பாதை வேறுபாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. சோப்புக் கரைசலில் ஒரு கம்பி வளையத்தை முக்கி, எடுத்து, செங்குத்தாகப் பிடியுங்கள். பின்னால் கருந்துணி, முன்னால் சன்னல் வெளிச்சம். நீர் கீழே வடிய வடிய, கிடைமட்ட நிறப்பட்டைகள் மெல்ல இறங்கும். சிறிது நேரத்தில் மேல் ஓரம் கறுக்கும், படலம் அங்கே அறுந்துவிட்டதுபோல. அறுந்திருந்தால் வளையத்தில் எதுவுமே மிஞ்சியிருக்காது.

அந்த இடத்தில் படலம் மிக மெலிந்துவிட்டது. முன்பரப்பில் பட்டுத் திரும்பும் கதிருக்கும் பின்பரப்பில் பட்டுத் திரும்பும் கதிருக்கும் இடையே பாதை வேறுபாடு கிட்டத்தட்ட சுழி. விதிப்படி வெளிச்சம் வர வேண்டும். ஆனால் காற்றிலிருந்து வரும் ஒளி அடர்ந்த நீரின் முன்பரப்பில் பட்டுத் திரும்பும்போது அலை தலைகீழாகிறது: முகடு பள்ளமாகிவிடும். பின்பரப்பில் நீரிலிருந்து காற்றின் எல்லையில் பட்டுத் திரும்பும்போது அப்படி ஆவதில்லை. ஒரு கதிருக்கு மட்டும் λ/2 கூடிவிட்டது, ஆகவே இரண்டும் அழிகின்றன.

இதனால் எதிரொளிப்புப் பட்டைகளில் விதி இடம் மாறுகிறது. படலத்தின் தடிமன் t, ஒளிவிலகல் எண் μ என்று கொள்வோம். ஒளி நேராக விழுந்தால் 2μt = λ/2 என்ற தடிமனில் வெளிச்சம், 2μt = λ என்ற தடிமனில் இருட்டு. நீருக்கு μ 1.33 என்பதால் 650 நானோமீட்டர் சிவப்பு முதன்முதலில் பளிச்சிடும் தடிமன் ஏறத்தாழ 122 நானோமீட்டர். அதைவிட மிக மெலிந்தால் எந்த நிறமும் திரும்பி வராது. வளையத்தின் மேல் ஓரத்தில் அந்தக் கறுப்பு விளிம்பு கூர்மையாகத் தெரியத் தொடங்கினால் படலம் உடையும் நேரம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.